ஒரே மேட்ச், ஒரே பெனால்டி கேள்வி: ஐந்து தளங்களில் ஐந்து ரேட் ஏன்?

ஈஸ்ட்ஹாம்வாசி, 8 நவம்பர் 2025, இரவு 9.40

நாளைக்கு இருக்கும் பிரீமியர் லீக் மேட்ச் ஒன்றுக்கு ஐந்து பந்தயத் தளங்களில் ரேட், அதாவது ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் திரும்ப வரும் தொகை, பார்த்துக்கொண்டிருந்தேன். யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு 2.08, 2.10, 2.12 என்று எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கிறார்கள். கீழே இறங்கி ‘பெனால்டி கொடுக்கப்படுமா, ஆம்’ என்பதைப் பார்த்தால் ஒருவர் 2.75, ஒருவர் 3.40, ஒருவர் 4.00. ஆஃப்சைடு எண்ணிக்கையில் வித்தியாசம் இன்னும் மோசம். பவுல் கணக்கில் மேலா கீழா என்று பிரிக்கும் கோடே வேறு, ஒருவர் 20.5 வைக்கிறார், இன்னொருவர் 23.5 வைக்கிறார். ஒரே மேட்ச், அதே 22 பேர். யாரோ தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? 4.00 தருகிறவன் ஏமாளியா, 2.75 தருகிறவன் கொள்ளைக்காரனா?

நான்காம்நடுவர், 8 நவம்பர், இரவு 10.25

இரண்டு பேரும் தங்கள் கணக்குப்படி சரியாகவே இருக்கலாம். இந்த ரேட் போடும் மேசையில் சில வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெனால்டிக்கு முதலில் வேண்டியது ஒரு மேட்சுக்குச் சராசரியாக எத்தனை என்ற எண். அதை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எல்லாத் தகராறும். 2014 உலகக் கோப்பையில் 64 மேட்சில் 13 பெனால்டி. 2018-ல் அதே 64 மேட்சில் 29. நடுவில் நடந்தது, வீடியோ பார்த்து நடுவரைத் திருத்தும் விஏஆர் வந்தது. 2014 எண்ணை வைத்துக்கொண்டால் ஒரு மேட்சில் குறைந்தது ஒரு பெனால்டி வர 18 சதவீதம்தான் வாய்ப்பு, லாபம் வைக்காத ரேட் 5.40 பக்கம் வரும். 2018 எண்ணை வைத்தால் 36 சதவீதம், ரேட் 2.75.

சரி, அது விஏஆர் வந்த மாற்றம் என்று தள்ளிவிடலாம். பிரீமியர் லீக்கில் விஏஆர் வந்த பிறகே பாருங்கள். 2019-20 சீசனில் 380 மேட்சுக்கு 92 பெனால்டி. அடுத்த சீசனில் அதே 380-க்கு 125. முதல் எண்படி ரேட் 4.65, இரண்டாவதுபடி 3.57. இதிலிருந்து லாபத்தைக் கழித்தால் ஒருவர் 4.00-க்கு வருவார், இன்னொருவர் 3.20-க்கு வருவார். நீங்கள் பார்த்த இடைவெளியில் பெரும்பகுதி இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் இன்னும் எந்த அணி, எந்த நடுவர் என்ற பேச்சே எடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை, 8 நவம்பர், இரவு 11.02

இதில் என்ன குழப்பம்? ஒரு சீசனை எடுத்தால் ஆடத்தான் செய்யும். பத்து வருஷச் சராசரி எடுத்தால் நிலையான எண் வந்துவிடும். எல்லாரும் அதைச் செய்தால் ரேட்டும் ஒன்றாகிவிடும். செய்யாதவர்கள் சோம்பேறிகள்.

நான்காம்நடுவர், 9 நவம்பர், காலை 7.15

பெரிய சாம்பிள் நல்லதுதான், அது வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வருஷமும் ஒரே விதி இருந்தால்தான் அந்தச் சராசரிக்கு அர்த்தம் உண்டு. 2020 செப்டம்பரின் ஒரு வாரக் கடைசியை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

26-ம் தேதி பிரைட்டனில் மான்செஸ்டர் யுனைடெட். 2-2 என்று கடைசி விசில் ஊதியாகிவிட்டது. அப்புறம் விஏஆர் கூப்பிட்டு, பிரைட்டனின் மோப்பே கையில் பந்து பட்டது என்று பெனால்டி. விசிலுக்குப் பிறகு புரூனோ பெர்னாண்டஸ் அடித்து 3-2. மறுநாள் டாட்டன்ஹாம், நியூகாசிலோடு. ஆண்டி கேரல் தலையால் முட்டிய பந்து, முதுகு காட்டி நின்ற எரிக் டயரின் கையில் படுகிறது. அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் பெனால்டி, 1-1. அந்த வாரம் இங்கிலாந்தில் எழுந்த சத்தத்தில் லீக் கையில் பந்து படும் விஷயத்தில் நடுவர்களுக்குக் கொடுத்திருந்த வழிகாட்டலைத் தளர்த்தியது.

இப்போது நீங்கள் அக்டோபர் முதல் வாரத்தில் ரேட் போட வேண்டும் என்று வையுங்கள். செப்டம்பர் எண்ணைப் போட்டால் மிக அதிகம், ஏனென்றால் அந்த விளக்கம் செத்துவிட்டது. பத்து வருஷ எண்ணைப் போட்டால் குறைவு, ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் விஏஆர் இல்லாத காலம். நடுவில் எங்கே நிற்பது என்பது கணக்கு இல்லை, ஆளின் தீர்மானம். ஐந்து பேர் தீர்மானித்தால் ஐந்து இடம் வரும். சோம்பேறித்தனத்துக்கு இதில் வேலையே இல்லை.

மஞ்சள்அட்டை, 9 நவம்பர், காலை 10.30

நீங்கள் எல்லாரும் குறைத்துச் சொல்கிறீர்கள். 2022 உலகக் கோப்பை ஃபைனலில் மட்டுமே பத்துப் பெனால்டிக்கு மேல் இருந்ததே. நாக்அவுட் மேட்ச் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ போடலாம் போலிருக்கிறது.

நான்காம்நடுவர், 9 நவம்பர், காலை 10.48

ஷூட்அவுட் இதில் சேராது. வழக்கமான விதி 90 நிமிஷமும் நடுவர் அதில் சேர்க்கும் சில நிமிஷமும் மட்டும். அந்த ஃபைனலில் மெஸ்ஸி 23-வது நிமிஷம் அடித்ததும் எம்பாப்பே 80-வது நிமிஷம் அடித்ததும் கணக்கில் வரும். எம்பாப்பே 118-ல் அடித்தது எக்ஸ்ட்ரா டைம், அது வராது. ‘மூன்று பெனால்டி’ என்று யாராவது போட்டிருந்தால் தோற்றிருப்பார்கள், டிவியில் மூன்று பார்த்த பிறகும்.

ஈஸ்ட்ஹாம்வாசி, 9 நவம்பர், மதியம் 1.10

பெனால்டி புரிந்தது. ஆஃப்சைடுக்கு வருவோம். அதற்கு ஸ்ட்ரைக்கர்தானே காரணம்? வேகமான, அவசரப்படுகிற ஆள் இருந்தால் அதிகம் வரும், நின்று ஆடுகிறவர் என்றால் குறையும். அதை வைத்து நானே ஒரு பட்டியல் போட்டேன், ரேட்டோடு ஒத்தே போகவில்லை.

நான்காம்நடுவர், 9 நவம்பர், மதியம் 2.35

பட்டியலைத் திருப்பிப் போடுங்கள். ஓடுகிறவனைவிட எதிரே தடுப்பாட்டக்காரர்கள் நிற்கிற கோடுதான் பெரிது.

2024 அக்டோபர் 26, பெர்னபேயூ, எல் கிளாசிகோ. கோச் ஃபிளிக் பார்சிலோனாவை நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே கோடு போட்டு நிறுத்தினார். ரியல் மாட்ரிட் 12 தடவை ஆஃப்சைடு, அதில் எம்பாப்பே மட்டும் 8. பார்சா 4-0. எம்பாப்பே முந்தைய வாரங்களில் அப்படி இல்லை. அன்று மாறியது அவர் இல்லை, எதிரே நின்ற நாலு பேர்.

2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா, சவுதி அரேபியாவிடம் தோற்ற மேட்சும் இதே கதைதான். சவுதி கோச் ரெனார் கோட்டை மேலே தள்ளினார், அர்ஜென்டினா மொத்தம் 10 தடவை மாட்டியது, முதல் பாதியில் மூன்று கோல் அதனால் போனது. அந்த 10-ல் பெரும்பாலானவை முதல் பாதியில் வந்தவை. இடைவேளைக்குப் பிறகு சவுதி இரண்டு கோல் போட்டு 2-1 என்று முன்னிலைக்குப் போனதும் கோட்டைக் கீழே இறக்கிக் கோலைக் காத்தார்கள், ஆஃப்சைடும் வறண்டுவிட்டது. பாதியில் ‘இதே வேகத்தில் 14 வரும்’ என்று கணக்குப் போட்டவர்களுக்கு அடி.

இப்போது ரேட் ஏன் இவ்வளவு தாவுகிறது என்பதற்கு வருகிறேன். இரண்டு அணியும் சேர்ந்து 6 அல்லது அதற்கு மேல் வருமா என்ற கேள்வி. சராசரி 4 என்று நினைப்பவருக்கு லாபம் வைக்காத ரேட் 4.65. சராசரி 5 என்பவருக்கு 2.60. சராசரி 6 என்பவருக்கு 1.80. ஒரே ஒரு ஆஃப்சைடு கூட நினைத்தாலே ரேட் கிட்டத்தட்ட பாதி வரை இறங்கிவிடுகிறது. கோல் கணக்கில் இப்படி நடக்காது, ஏனென்றால் கோல் சராசரியில் யாரும் ஒரு முழுக் கோல் வித்தியாசப்பட மாட்டார்கள். ஆஃப்சைடில் படுவார்கள், அதுவும் கோச் புதிதாக வந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

வலது_பேக், 9 நவம்பர், இரவு 8.05

வார இறுதி லீக்கில் பல வருஷமாக வலது பக்கம் ஆடுகிறேன், அதனால் ஒன்று சொல்லணும். கோடு உயரமாக நின்றால் மட்டும் ஆஃப்சைடு வராது. பந்து வைத்திருப்பவன் மேல் அழுத்தம் இருக்க வேண்டும். அழுத்தம் இருந்தால் அவன் தலை தூக்கிப் பார்க்காமல் அவசரமாக உதைப்பான், ஓடுகிறவன் அரை நொடி முந்திவிடுவான். அழுத்தம் இல்லை என்றால் அவன் நிதானமாகக் காத்திருந்து சரியான நேரத்தில் விடுவான், நாங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருப்போம். கோடு மேலே, முன்னால் அழுத்தம் இல்லை என்றால் ஆஃப்சைடு வராது, கோல்தான் வரும்.

இன்னொன்று. இப்போது லைன்ஸ்மேன் உடனே கொடி தூக்குவதில்லை, விஏஆர் இருப்பதால் ஓட விடுகிறார்கள். அந்த ஓட்டம் வீணாகிப் பந்து நேராகக் கீப்பர் கைக்குப் போனால் சில சமயம் விட்டுவிடுகிறார்கள், கொடியே இல்லை. கண்ணுக்கு அது ஆஃப்சைடு, கணக்கில் இல்லை.

நான்காம்நடுவர், 9 நவம்பர், இரவு 8.40

வலது_பேக் சொன்ன முதல் விஷயம் பொன். நான் கோடு என்று மட்டும் சொன்னதில் அது விட்டுப்போனது. அழுத்தம் கொடுக்கும் ஆள் காயத்தில் வெளியே இருந்தால், அதே கோடு, அதே கோச், எண் மட்டும் இறங்கும். ரேட் போடுகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்க மாட்டார்கள், அணியின் பழைய சராசரியை அப்படியே எடுத்துப் போடுவார்கள்.

கொடி விஷயமும் சரி. ஃப்ரீகிக் கொடுத்தால்தான் ஆஃப்சைடு எண்ணப்படும்.

கணக்குப்பிள்ளை, 10 நவம்பர், காலை 9.20

சரி, பவுலுக்காவது நல்ல தரவு இருக்கிறதே. மேட்சுக்கு இருபதுக்கு மேல் வருகிறது. நடுவர் யார் என்று பார்த்து அவர் சராசரியைப் போட்டால் முடிந்தது. ஒருவர் 20, ஒருவர் 24 என்றால் 4 பவுல் வித்தியாசம், அது பெரிய எட்ஜ்.

நான்காம்நடுவர், 10 நவம்பர், மதியம் 12.30

நடுவர் முக்கியம், அதில் மறுப்பு இல்லை. இங்கிலாந்தில் யார் எந்த மேட்ச் என்று சில நாள் முன்பே அறிவிப்பார்கள், அறிவித்ததும் பவுல் கோடு நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அறிவிப்பைப் பார்த்து மாற்றிய தளத்துக்கும் மாற்றாத தளத்துக்கும் நடுவே அன்று ஒரு நாள் பெரிய இடைவெளி இருக்கும். ஈஸ்ட்ஹாம்வாசி பார்த்த 20.5, 23.5-ல் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்த 20-ஐயும் 24-ஐயும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு நடுவர் ஒரு சீசனில் 25 மேட்ச் நடத்துகிறார் என்று வைப்போம். ஒரு மேட்சின் பவுல் எண் சராசரியிலிருந்து 5 வரை சாதாரணமாக ஆடும். 25 மேட்சின் சராசரியே அப்போது ஒரு பவுல் மேலே கீழே தள்ளாடும், வெறும் அதிர்ஷ்டத்தால். இரண்டு நடுவரை ஒப்பிட்டால் தள்ளாட்டம் இன்னும் கூடும். இதற்கு மேல், அவருக்குக் கிடைத்த மேட்சுகள் எப்படிப்பட்டவை? சண்டைக்கார மேட்சுகளையே ஒருவருக்குக் கொடுத்தால் அவர் சராசரி தானாக ஏறும். நான் அந்த 4-ஐப் பாதியாகக் குறைத்துத்தான் எடுப்பேன், பல சமயம் அதற்கும் கீழே.

ஆட்டக்காரர் பவுலில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. 2019-20-ல் கிரீலிஷ் ஆஸ்டன் வில்லாவில் 167 பவுல் வாங்கினார், லீக் சாதனை. பந்து முழுக்க அவர் காலில்தான், அவரே தூக்கிக்கொண்டு ஓடுவார், நிறுத்த வேறு வழியில்லை. மான்செஸ்டர் சிட்டிக்குப் போன பிறகு கோட்டோரம் நின்று வாங்கி, திருப்பிக் கொடுத்து ஆடினார். அதே ஆள்தான், ஆனால் வேலை வேறு, பழைய எண் செல்லாது.

வலது_பேக், 10 நவம்பர், இரவு 7.50

பவுல் என்றால் முரட்டு அணி என்று நினைப்பதும் தப்பு. பந்து நம்மிடம் இருந்தால் யாரைப் போய் பவுல் பண்ணுவது? அதே சமயம் கோல் முன்னால் பத்துப் பேர் குவிந்து நின்றாலும் அதிகம் பண்ண மாட்டோம், பாக்ஸ் பக்கத்தில் கை வைக்க பயம். நாங்கள் அதிகம் பண்ணுவது மைதானத்தின் நடுவில், பந்து பறிபோன அடுத்த இரண்டு மூன்று நொடியில். சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிவிடுவோம்.

சீசன்டிக்கெட், 11 நவம்பர், காலை 8.15

இந்த இழையில் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். போன மாதம் ஒரு மேட்சில் மொத்தப் பவுல் 22.5-க்கு மேல் என்று போட்டேன். மேட்ச் முடிந்து டிவி புள்ளிவிவரம் 23 காட்டியது. தளம் 22 என்று முடித்துவிட்டது. கேட்டால் ‘எங்கள் தரவு வழங்குநர் சொன்னதே இறுதி’ என்று ஒரு வரி. ஒரு அணி செய்த பவுலையும் எதிரணி வாங்கிய பவுலையும் நானே எடுத்துப் பார்த்தேன், அதுவே ஒத்துப்போகவில்லை. இது என்ன கணக்கு?

நான்காம்நடுவர், 11 நவம்பர், காலை 9.05

உங்கள் எரிச்சல் நியாயம், ஆனால் அந்த ஒத்துப்போகாமைக்குக் காரணம் உண்டு. கையில் பந்து பட்டதற்கு விசில் ஊதினால் அது ஒருவர் செய்த பவுல், ஆனால் யாரும் ‘வாங்கிய’ பவுல் இல்லை. தரவு நிறுவனமான ஆப்டா இப்படித்தான் எண்ணுகிறது. அதனால் செய்ததைக் கூட்டினால் வரும் எண், வாங்கியதைக் கூட்டினால் வரும் எண்ணைவிடக் கூடவே இருக்கும். டிவிக்கு ஒரு நிறுவனமும் தளத்துக்கு வேறு நிறுவனமும் தரவு கொடுத்தால், அட்வான்டேஜ் விட்டுவிட்டு நடுவர் பிறகு வந்து எச்சரிப்பது போன்ற இடங்களில் ஆள் பார்த்து எழுதுவது வேறுபடும்.

இதுவும் ரேட்டில் வருகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. இரண்டு தளம் ஒரே தலைப்பில் இரண்டு வேறு பொருளை விற்கிறார்கள். பெனால்டியிலும் அப்படித்தான்: நடுவர் கை நீட்டிவிட்டு விஏஆர் பார்த்து ரத்து செய்தால் பெரும்பாலான தளம் ‘கொடுக்கப்படவில்லை’ என்று வைக்கும், ஆனால் விதியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். 4.00-ஐயும் 2.75-ஐயும் ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே கேள்வியா என்று பாருங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி, 11 நவம்பர், மாலை 6.20

எல்லாம் சரி. ஆனால் மிச்சம் ஒரு கேள்வி. யார் ஜெயிப்பார்கள் என்பதிலும் தீர்மானம் உண்டு, கருத்து வேறுபாடு உண்டு. அங்கே மட்டும் எப்படி 2.08-க்கும் 2.12-க்கும் நடுவே எல்லாரும் அடங்குகிறார்கள்?

நான்காம்நடுவர், 11 நவம்பர், இரவு 9.55

அங்கே பெரிய பணம் வருகிறது. ஒருவர் 2.30 வைத்தால் நிமிஷக் கணக்கில் பெரிய ஆட்கள் வந்து அதை 2.12-க்குத் தள்ளிவிடுவார்கள். பெரிய தொகையை ஏற்கும் இரண்டு மூன்று இடங்களின் விலையைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் விலையை வைக்கிறார்கள். யாரும் தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

ஆஃப்சைடுக்கு அப்படிப் பார்த்து எழுத ஆளே கிடையாது. ஏற்கும் தொகை சின்னது, ஆட்களே ஒருவரோடு ஒருவர் பந்தயம் கட்டும் எக்ஸ்சேஞ்சில் பெரும்பாலும் யாரும் எதிரே நிற்க மாட்டார்கள். தப்பான விலை சனிக்கிழமை காலை வரை அப்படியே தூங்கும், திருத்த யாரும் வருவதில்லை. தொகையை ஏன் சின்னதாக வைக்கிறார்கள் என்றால், மேட்சை யார் ஜெயிப்பார்கள் என்பதை ஒருவர் மட்டும் தீர்மானிப்பது கஷ்டம், ஆனால் ஒரு பவுலை ஒரே ஆள் நினைத்தால் செய்துவிடலாம். அந்தப் பயம் மேசையில் எப்போதும் உண்டு.

விலையில் தெரியாமைக்கும் ஒரு பங்கு கழிக்கிறார்கள். 22.5-க்கு மேலே 1.83, கீழே 1.83 என்றால் இரண்டையும் சதவீதமாக்கிக் கூட்டிப் பாருங்கள், 109 வரும். அந்த 9 அவர்களுடையது. யார் ஜெயிப்பார்கள் என்பதில் பெரிய மேட்சுக்கு அது இதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் இரண்டு தளத்துக்கு நடுவே இடைவெளி பெரிதாக இருக்கிறது என்பதாலேயே நல்ல விலை கிடைத்துவிட்டது என்று ஆகாது. இரண்டுமே உண்மையான எண்ணுக்குக் கீழே இருக்கலாம். அப்படியே ஒருவர் தொடர்ந்து சரியாகப் பிடித்தால் கணக்கில் போடும் தொகையைச் சில பவுண்டுக்குச் சுருக்கிவிடுகிறார்கள், அதை நானே மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

திருச்சிபந்து, 12 நவம்பர், காலை 7.30

இதையெல்லாம் இங்கிருந்து போட எந்த ஆப் நல்லது?

கணக்குப்பிள்ளை, 12 நவம்பர், காலை 7.44

தம்பி, எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2022 சட்டம் இருக்கிறது, இந்த வருஷம் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டது. விளம்பரம் கொடுக்கும் வெளிநாட்டுத் தளத்தில் பணம் போட்டால் திரும்பி வராது, கேட்க ஆளும் இருக்காது. எண்ணைப் பற்றிப் பேசுவோம், அது போதும்.

என் பத்து வருஷச் சராசரிக்கும் திரும்ப வருகிறேன். விஏஆர் வந்த பிறகு உள்ள சீசன்களை மட்டும் எடுத்து, அண்மைச் சீசனுக்குக் கூடுதல் எடை கொடுத்துப் போட்டால்? இதுவாவது ஒத்துக்கொள்வீர்களா?

நான்காம்நடுவர், 12 நவம்பர், காலை 8.20

அதைத்தான் நானும் செய்வேன். எவ்வளவு எடை என்று கேட்டால் மறுபடி சண்டை தொடங்கும். அதோடு பாக்ஸுக்குள் எந்த அணி அதிகம் பந்து தொடும் என்பதையும் சேருங்கள், பலமான ஃபேவரிட் சொந்த மைதானத்தில் ஆடினால் சராசரியைவிட மேலே போக வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன அந்த 2.75 அப்படிப்பட்ட மேட்சாக இருந்தால் கொள்ளை என்று சொல்ல மாட்டேன்.

வலது_பேக், 12 நவம்பர், இரவு 10.10

ஒரு கேள்வி, யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள். பிரீமியர் லீக்கில் இந்த ஏப்ரலில் இருந்து ஆஃப்சைடைக் கண்டுபிடிக்கும் பாதித் தானியங்கிக் கருவி வந்துவிட்டது. அதனால் எண்ணிக்கை ஏறுமா இறங்குமா?

கணக்குப்பிள்ளை, 12 நவம்பர், இரவு 10.31

ஏறும். மில்லிமீட்டர் ஆஃப்சைடெல்லாம் மாட்டும்.

நான்காம்நடுவர், 12 நவம்பர், இரவு 11.00

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பும் கோலாக முடிந்த ஓட்டத்தைக் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், இப்போது சீக்கிரம் முடிகிறது, அவ்வளவே. மேட்சில் வரும் மூன்று நான்கு ஆஃப்சைடில் பெரும்பாலானவை யாரும் மறுபரிசீலனை செய்யாத, கொடியோடு முடிந்துபோகும் சாதாரண ஆஃப்சைடுகள். மாற வேண்டுமென்றால் லைன்ஸ்மேன் பழக்கம் மாற வேண்டும்: எப்படியும் கருவி பிடித்துவிடும் என்று இன்னும் அதிகமாக ஓட விட்டால், வலது_பேக் சொன்ன கீப்பர் கைக்குப் போகும் பந்துகள் கூடும், எண் இறங்கும். சீசன் பாதி முடியட்டும், அணிவாரியாக எடுத்து வந்து போடுகிறேன். கணக்குப்பிள்ளை அவர் பங்குக்கு அவர் எண்ணையும் கொண்டு வரட்டும்.